வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டை விற்றபோது: சொன்னதும் எழுதிக் கொடுத்ததும்

வீட்டை விற்பது என்று முடிவானதும் தரகரிடம் போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். பீரோவில் இருந்த வாடகை ஒப்பந்தத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்தேன். கையெழுத்துப் போட்ட பிறகு அதை யாரும் திரும்பப் படிப்பதில்லை. ஆனால் விற்கும்போது எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது.

முந்தைய வருடம் ஜூன் 1-இல் தொடங்கிய இரண்டு வருட ஒப்பந்தம் அது. அடுத்த மே 31-இல் முடியும். நான் யோசித்தது நவம்பர் தொடக்கத்தில், அதாவது ஏறக்குறைய ஏழு மாதம் பாக்கி. முன்பணம் மூன்று மாத வாடகை. நான் தேடியது ஒரே ஒரு வரியை: 'வீட்டை விற்றால் இத்தனை மாத அவகாசத்தில் காலி செய்ய வேண்டும்' என்று எங்காவது இருக்கிறதா? இல்லை. ஒப்பந்தத்தை எனக்கு எழுதிக் கொடுத்த வக்கீலிடம் கேட்டேன். "அப்படி ஒரு வரி இல்லாத வரைக்கும் நீங்கள் விற்கலாம், அவர்களை எழுப்ப முடியாது. வாங்குகிறவர் உங்கள் இடத்தில் வந்து உட்காருவார், அவ்வளவுதான்" என்றார்.

இது ஏதோ ஒரு ஊர் வழக்கம் இல்லை. வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் முறியாது என்பதுதான் பல நாட்டுச் சட்டங்களின் அடிப்படை. இந்தியாவில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 109 இதைச் சொல்கிறது. ஜெர்மனியின் சிவில் சட்டத்திலும் பிரிவு 566 இதையேதான் சொல்கிறது. வேறுபாடு வருவது, விற்பனையைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்ல முடியுமா, முடிந்தால் எவ்வளவு அவகாசம் என்பதில். இங்கிலாந்தில் 2025-இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி விற்பனை ஒரு செல்லுபடியான காரணம், ஆனால் நான்கு மாத நோட்டீஸ் வேண்டும், குடிவந்த முதல் வருடத்துக்குள் அதைப் பயன்படுத்த முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் விற்கப் போகிறேன் என்பது மட்டும் போதாது. வாங்குகிறவர் தானே குடிவரப் போகிறார் என்றால்தான் நோட்டீஸ், அதற்கும் 60 நாள் அவகாசம், ஒரு மாத வாடகை இழப்பீடு. ஆகவே கடிதம் எழுதும் முன் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்: உங்கள் ஒப்பந்தம், உங்கள் இடத்துச் சட்டம். மாதாமாதம் ஓடுகிற, தேதி குறிக்காத வாடகை என்றால் நிலைமையே வேறு. அங்கே நோட்டீஸ் காலம்தான் பேசும்.

நான் இவ்வளவு முன்கூட்டியே கவனமாக இருந்ததற்கு உறவினர் ஒருவரின் கதை காரணம். அவர் வீட்டுக்கு நல்ல விலை வந்தது. வாங்குகிறவர் "காலி வீடாகத் தர முடியுமா?" என்றார். இவர் "தந்துவிடுகிறேன்" என்று விற்பனை ஒப்பந்தத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் குடியிருப்பவரிடம் போனார். அவரோ ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டி, இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்றார். ஒரு பக்கம் தேதி தவறினால் வாங்குகிறவருக்குக் கட்ட வேண்டிய அபராதம், மறுபக்கம் நகரத் தேவையில்லாத குடித்தனக்காரர். கடைசியில் அந்தக் குடித்தனக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்துத்தான் வெளியே வர முடிந்தது. அவர் கேட்டது அநியாயம் என்று உறவினர் இன்றைக்கும் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னிடம் இல்லாததை விற்றவர் அதற்கான விலையைக் கொடுத்தார்.

எனவே எனக்கு வரிசை தெளிவாக இருந்தது. முதலில் குடியிருப்பவர், அப்புறம் தரகர், கடைசியில் வாங்குகிறவர்.

நவம்பர் முதல் வாரம் நேரில் போய்ச் சொன்னேன். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகிற ஒரு பெண், கணவருடைய அம்மா. நான் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னதும் கணவர் கேட்ட முதல் கேள்வி, "எப்போ சார் காலி பண்ணணும்?"

"மே 31 வரைக்கும் நீங்கள் எதுவும் பண்ண வேண்டாம், தம்பி. அதற்கு முன்னால் யாரும் உங்களைப் போகச் சொல்ல முடியாது, நானும் சரி, வாங்குகிறவரும் சரி."

அந்தத் தேதியைச் சொன்ன பிறகுதான் மற்ற எதையும் அவர்களால் காதில் வாங்க முடிந்தது. விற்கிற காரணம், குடும்ப நிலைமை, நான் எவ்வளவு வருத்தப்படுகிறேன் என்பதெல்லாம் எனக்குத்தான் முக்கியம். அவர்களுக்குத் தேதி முக்கியம். அதனால் கடிதத்திலும் அதையே முதல் பத்தியில் வைத்தேன்.

இன்னொன்றையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மே மாதத்துக்குப் பிறகு புது உரிமையாளர் தொடரவிடுவாரா என்று அந்த அம்மா கேட்டார். "கண்டிப்பாக வைத்துக்கொள்வார்" என்று சொல்லிவிட நாக்கு துடிக்கத்தான் செய்யும். ஆனால் அது நான் கொடுக்கக்கூடிய வாக்கு இல்லை. "அது அவர் விருப்பம் அம்மா, எனக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்குச் சொல்கிறேன்" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அவர்கள் வீடு தேடாமல் இருந்துவிட்டால், மே மாதம் தெருவில் நிற்பது அவர்கள்.

மறுநாள் கடிதம் கொடுத்தேன். இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டேன். முக்கியமான பகுதி இதுதான்:

"இந்த வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறேன். உங்கள் வாடகை ஒப்பந்தம் மே 31 வரை அப்படியே செல்லும். வாடகைத் தொகை, முன்பணம், பழுதுபார்க்கும் பொறுப்பு எதுவும் மாறாது. இந்தக் கடிதம் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் அல்ல.

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, மே 31 வரை இங்கேயே இருப்பது. இடையில் வீடு விற்றால் புதிய உரிமையாளருக்கு வாடகை செலுத்துவீர்கள், மற்றபடி மாற்றமில்லை. இரண்டாவது, நாம் இருவரும் சம்மதித்து பிப்ரவரி 28-க்குள் காலி செய்வது. அதற்கு இரண்டு மாத வாடகைக்கு ஈடான தொகையும் சாமான் ஏற்றி இறக்கும் செலவும் தருகிறேன். இது உங்கள் விருப்பம், மறுத்தாலும் எந்தப் பாதிப்பும் இல்லை. டிசம்பர் 15-க்குள் முடிவைச் சொன்னால் போதும். மூன்றாவது, வீட்டை நீங்களே வாங்குவது. நவம்பர் 30 வரை வேறு யாரிடமும் காட்ட மாட்டேன்.

இவை தவிர, உங்களுக்கு வேறு வீடு அமைந்தால் ஒரு மாதம் முன்னதாகத் தெரிவித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். மீதி மாத வாடகை கேட்க மாட்டேன்."

'காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் அல்ல' என்ற வரி இருவருக்கும் பாதுகாப்பு. பாதி தகவலும் பாதி மிரட்டலுமாகக் கடிதம் எழுதினால், குடியிருப்பவர் பயந்து வக்கீலிடம் போவார். இல்லையென்றால் அதைச் சரியான நோட்டீஸ் என்று நாமே நினைத்துக்கொண்டு, பின்னால் அது செல்லாது என்று தெரியவரும்போது மாதங்கள் போயிருக்கும். காலி செய்யச் சொல்ல உரிமை இருக்கிறது, சொல்லப்போகிறோம் என்றால், அதற்கான முறையான நோட்டீஸைத் தனியாக, சட்டம் கேட்கிற வடிவில் கொடுப்பதே சரி.

இரண்டாவது வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொகையைவிட, அது எப்போது கைக்கு வருகிறது என்பதில்தான் பெரும்பாலும் சிக்கல். புது வீட்டுக்கு முன்பணம் முதலிலேயே கட்ட வேண்டும், பழைய வீட்டு முன்பணமோ சாவி கொடுத்த பிறகுதான் வரும். இந்த இடைவெளியைச் சமாளிக்கப் பணம் இல்லாததால்தான், நகர விரும்புகிறவர்கள்கூட நகர முடியாமல் இருப்பார்கள். அதனால் நான் சொன்னது: சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடும் அன்று இழப்பீட்டில் பாதியும் முன்பணத்தில் பாதியும், வீட்டைக் காலி செய்து சாவி தரும் அன்று மீதி இரண்டும். எல்லாவற்றையும் முன்னாலேயே கொடுத்துவிட்டால் எனக்குப் பிடிமானம் இல்லை. எல்லாவற்றையும் கடைசியில் தருகிறேன் என்றால் அவர்களால் நகர முடியாது.

அப்புறம், சம்மதக் கடிதம் கையில் இருப்பதும் வீடு காலியாக இருப்பதும் ஒன்று இல்லை. அவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், காலி அறைகளை நானே நடந்து பார்த்த பிறகுதான் வாங்குகிறவருக்குப் பதிவுத் தேதி கொடுத்திருப்பேன்.

ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தது முதல் வழி. பெண்ணின் பள்ளி ஆண்டு நடுவில் இடம் மாற மனமில்லை. மூன்றாவது வழியையும் யோசித்தார்கள், வங்கியில் விசாரித்தார்கள், அவர்கள் கேட்ட அளவுக்குக் கடன் கிடைக்கவில்லை. நவம்பர் முடிவதற்கு முன்பே, மே வரை இருந்துகொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்குக் காலி வீடாக விற்றால் வாங்க வருகிறவர்கள் அதிகம் என்பது தெரியும். இருந்தாலும் இனி தரகரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது: ஆள் இருக்கிற வீடு, மே 31 வரை ஒப்பந்தம், அதற்கு முன் காலி கேட்கிறவர்கள் வர வேண்டாம்.

வீட்டைப் பார்க்க வருவதில்தான் உறவு கெடும். நாம் விற்கிறோம், தொல்லை அவர்களுக்கு. வாரத்தில் இரண்டு நேரம் என்று அவர்களையே குறிக்கச் சொன்னேன். புதன் மாலையும் சனி காலையும் சொன்னார்கள். ஒரு நாள் முன்னதாகத் தகவல், தரகருடன் நான் அல்லது என் வீட்டார் ஒருவர், அவர்கள் இல்லாத நேரத்தில் யாரும் நுழைவதில்லை. விளம்பரத்துக்கு, அவர்கள் குடிவரும் முன் எடுத்த பழைய படங்களைப் போட்டேன். குழந்தையின் அறை, சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படம் எல்லாம் அறியாதவர்கள் பார்வைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. டிசம்பர் மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டேன். தரகருக்கு இது வீண் செலவாகத் தெரிந்தது. ஆனால் பார்க்க வருகிறவர்கள் குடியிருப்பவரிடம்தான் தண்ணீர் வருமா, பக்கத்தில் சத்தம் எப்படி என்று கேட்பார்கள். அவர் மனம் வைத்தால் உள்ளதைச் சொல்வார், கோபத்தில் இருந்தால் இல்லாததும் வரும்.

டிசம்பர் கடைசியில் ஒரு குடும்பம் வாங்க முன்வந்தது. அவர்களுக்கே குடிவரத்தான் வீடு, ஆனால் ஜூன் வரை காத்திருக்கத் தயார். விற்பனை ஒப்பந்தத்தில் 'காலி நிலையில்' என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். 'இப்போதுள்ள வாடகைதாரருடனும், இத்துடன் இணைத்துள்ள வாடகை ஒப்பந்தத்துக்கு உட்பட்டும்' என்று எழுதி, ஒப்பந்தத்தின் பிரதியையும் சேர்த்தோம். அன்றைக்கே குடியிருப்பவரிடம் போய், வாங்குகிறவர்கள் தாங்களே குடிவரப் போகிறார்கள், எனவே மே 31-க்குப் பிறகு தொடர வாய்ப்பில்லை என்று சொன்னேன். ஐந்து மாதம் முன்னதாகவே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

வாங்குகிறவரின் வக்கீல் ஒன்று கேட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. குடியிருப்பவர் கையெழுத்திட்ட ஒரு பக்க அறிக்கை: வாடகை இவ்வளவு, கொடுத்த முன்பணம் இவ்வளவு, ஒப்பந்தம் முடியும் தேதி இது, வாடகை பாக்கி இல்லை, ஒப்பந்தத்தில் எழுதாத வாய்மொழிப் பேச்சுகள் இவை. அந்தக் கடைசிப் பகுதியில்தான் விஷயம் இருந்தது. படுக்கையறையில் அவர் சொந்தச் செலவில் ஏசி மாட்டியிருந்தார், போகும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருந்தேன். அது எழுத்தில் எங்கும் இல்லை. அறிக்கையில் ஏறாமல் போயிருந்தால், வாங்குகிறவர் வீட்டோடு ஏசியும் தனக்கு வந்தது என்று நினைத்திருப்பார், மே மாதம் சண்டை வந்திருக்கும்.

அதே போல, பதிவுக்கு முந்தைய வாரம் மூன்று தரப்பும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்து, இப்போதுள்ள நிலையைப் படமெடுத்துப் பட்டியல் போட்டோம். குளியலறைச் சுவரில் பழைய ஈரக்கசிவு, சமையலறை அலமாரிக் கதவு ஒன்றில் வெடிப்பு. இரண்டும் அவர்கள் குடிவருவதற்கு முன்பே இருந்தவை. அதை நான்தான் சொல்ல முடியும், விற்றுவிட்டுப் போன பிறகு என்னைத் தேடி வந்து கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

பதிவு ஜனவரி 18. அன்றைய கணக்கு இப்படி. ஜனவரி மாத வாடகையைக் குடியிருப்பவர் 5-ஆம் தேதியே எனக்குக் கொடுத்துவிட்டார். மாதத்துக்கு 31 நாள். 1 முதல் 17 வரை வீடு என்னுடையது, 18 முதல் 31 வரையிலான 14 நாள் வாங்கியவருடையது. ஆகவே மாத வாடகையில் 31-இல் 14 பங்கு அவருக்குப் போக வேண்டும். அதோடு முன்பணமான மூன்று மாத வாடகை. இரண்டையும் கூட்டி, அவர் எனக்குத் தர வேண்டிய மீதி விலையில் கழித்துக்கொண்டார். பணம் என்னிடமிருந்து குடியிருப்பவருக்குப் போய், அவரிடமிருந்து புதியவருக்குப் போகிற சுற்று வழி வேண்டாம். அதில் யாராவது ஒருவர் தாமதித்தால் பழி வேறு ஒருவர் தலையில் விழும்.

ஆனால் கழித்துக்கொண்டது எனக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ள கணக்கு. குடியிருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அதனால் மூவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் தனியாக: மூன்று மாத வாடகைக்கு ஈடான முன்பணம் புதிய உரிமையாளரிடம் சேர்ந்துவிட்டது, காலி செய்யும்போது திருப்பித் தரும் பொறுப்பு இனி அவருடையது, குடியிருப்பவர் அதை ஏற்கிறார். இது வெறும் மரியாதைக் கடிதம் இல்லை. நான் மேலே சொன்ன இந்தியச் சட்டப் பிரிவிலேயே, வீட்டை விற்றுவிட்டதால் மட்டும் பழைய உரிமையாளரின் பொறுப்பு தீர்ந்துவிடாது, புதியவரைப் பொறுப்பாளராகக் குடியிருப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கையெழுத்து இல்லாமல் முன்பணத்தை ஒப்படைத்தவர், வருடங்கள் கழித்து அதே பணத்துக்காக மறுபடி பதில் சொல்ல நேரலாம்.

வாடகை யாருக்கு என்பதையும் அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரி முதல் புதிய உரிமையாளருக்கு, இன்ன வங்கிக் கணக்கில் என்று நானும் அவரும் சேர்ந்து கையெழுத்திட்டு, நேரில் கொடுத்தோம். வீடு கைமாறியது தெரியாமல் பழைய உரிமையாளருக்கே வாடகை கட்டிவிட்டால், குடியிருப்பவர் மறுபடி புதியவருக்குக் கட்ட வேண்டியதில்லை என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அப்படி நடந்தால் புதியவர் என்னிடம்தான் வருவார். வாடகைக்கு இருப்பவர்களுக்கு நான் சொல்வது, புது ஓனர் என்று யாராவது போனில் அழைத்துக் கணக்கு எண் கொடுத்தால் உடனே பணம் போட வேண்டாம். பழைய உரிமையாளரின் கையெழுத்தோடு கடிதம் கேளுங்கள். உண்மையில் வாங்கியவருக்கு அதைக் காட்டுவதில் சிரமம் இருக்காது.

தண்ணீர், மின்சார மீட்டர் அளவுகளை அன்று படமெடுத்து மூவருக்கும் அனுப்பினேன். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மே இரண்டாம் வாரமே அவர்களுக்கு வீடு கிடைத்து, நகர்ந்துவிட்டார்கள். ஏசியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். புதிய உரிமையாளர் குளியலறை ஈரக்கசிவைக் காட்டி முன்பணத்தில் பிடிக்கப் பார்த்தாராம், ஜனவரியில் போட்ட பட்டியலைக் குடியிருந்தவர் எடுத்து நீட்டியதும் பேச்சு அத்துடன் நின்று, முழுத் தொகையும் அதே வாரம் வந்து சேர்ந்தது.